கோரைக்கிழங்கும் அப்பாவோட வயிறும்

பீரோ மேல இருக்குற பிஸ்கட் டப்பாவுல ஒரு மாத்திரை அட்டை கெடக்கு, பத்துல ஆறு போட்டாச்சு, நாலு பாக்கி. ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரை. மதுரைப் பக்கம் வயித்தால போகுதுன்னு எந்த மெடிக்கல் ஷாப்ல போய் நின்னாலும் மொதல்ல கைக்கு வர்றது பெரும்பாலும் இதுதான். இத வாங்கிட்டு வந்து அப்பாவுக்குக் குடுத்தது நான். டாக்டர் குடுக்கல, கடைக்காரர் மேல மட்டும் பழியப் போடவும் முடியாது, நான்தான் போய் நின்னு "பேதிக்கு ஏதாச்சும் குடுங்கண்ணே"ன்னு கேட்டேன். அந்த வாக்கியம் ஒரு மாசமா மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு, அதனாலதான் இத எழுதுறேன்.

கதை சின்னதுதான். அப்பாவுக்கு எழுபத்தொண்ணு வயசு, சுகர் இருக்கு. இடது கால்ல சின்ன வெடிப்பு, அதுல சீழ் வச்சு கணுக்கால்ல இருந்து முட்டி வரைக்கும் செவந்து வீங்கிருச்சு, காய்ச்சல் வேற. இங்க ஒரு தனியார் ஆஸ்பத்திரியில சேர்த்து அஞ்சு நாளு காலையும் சாயந்தரமும் செஃப்ட்ரையாக்சோன் ஊசி, நரம்புல. கால் நல்லா வத்திருச்சு. சனிக்கெழம டிஸ்சார்ஜ் பண்ணும்போது அமாக்சிசிலின்-கிளாவுலனேட் 625 மாத்திரைய ரெண்டு வேளை அஞ்சு நாளைக்கு எழுதிக் குடுத்தாங்க, கூடவே அவரு வருஷக்கணக்கா போடுற கேஸ் மாத்திரையையும் தொடரச் சொன்னாங்க. இதுல எதையும் தப்புன்னு சொல்ல மாட்டேன். அந்த ஆன்டிபயாட்டிக் இல்லேன்னா கால் என்னாகியிருக்கும்னு சுகர்க்காரங்க இருக்குற எந்த வீட்டுக்கும் தெரியும்.

செவ்வாக்கெழம காலையில இருந்து வயித்தால போக ஆரம்பிச்சுச்சு. ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை, தண்ணியும் கொழகொழன்னும். காய்ச்சல் இல்ல, வயித்து வலி பெருசா இல்ல. சித்தி போன்லயே தீர்ப்பு சொல்லிட்டாங்க, "மாத்திரைச் சூடு, ஒடம்பு கொதிக்குது, குளுந்ததா குடுங்க". எளநீ, மோரு, ஊறவச்ச வெந்தயம், எல்லாம் ஆச்சு. அப்பா அந்தச் சாக்குல வெளக்குத்தூண் பக்கம் போயி ஜிகர்தண்டா வேணும்னு கேட்டாரு, சூட்டுக்கு நல்லதாம். பாலும் சீனியும் நன்னாரி சிரப்பும் ஐஸ்கிரீமும். நானும் வாங்கிக் குடுத்தேன். அன்னைக்கு ராத்திரி ரெண்டு தடவை கூடுதலா போச்சு. அது ஏன்னு அப்ப புரியல.

சூடு இல்ல, புளிக்காத மாவு

இந்த இடத்துல நான் எல்லாரையும் போலத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன், ஆன்டிபயாட்டிக் ரொம்ப பவரு, வயித்த அரிச்சிருது, அதான் போகுதுன்னு. பின்னால ஒரு வயித்து டாக்டர் பொறுமையா சொன்னப்பதான் வெளங்குச்சு. நம்ம சிறுகுடல் சத்தையெல்லாம் எடுத்துக்கிட்டு பெருங்குடலுக்கு ஒரு நாளைக்கு சுமாரா ஒன்றரை லிட்டர் தண்ணிச் சாறா அனுப்புது. பெருங்குடல் அதுல முக்காவாசிக்கும் மேல உறிஞ்சிட்டு கடைசியில ஒரு டம்ளருக்கும் கம்மியான தண்ணியத்தான் மலத்தோட வெளிய விடுது. இந்த உறிஞ்சுற வேலைக்கு பெருங்குடல் தனியா இல்ல, அங்க குடியிருக்குற பாக்டீரியாவும் கூட்டாளி.

நாம தின்ற சோறு, பருப்பு, கீரை, இதுல சிறுகுடலால உடைக்க முடியாத நாரும் கொஞ்சம் மாவுச்சத்தும் மிச்சமா பெருங்குடலுக்கு வந்து சேருது. அத அந்த பாக்டீரியா தின்னு புளிக்க வைக்குது. ராத்திரி அரைச்சு வச்ச இட்லி மாவு காலையில பொங்கி நிக்கிறது மாதிரின்னு வச்சுக்கங்க. அப்படிப் புளிக்கும்போது சின்னச் சின்ன அமிலங்கள் உண்டாகுது, அசிட்டேட், புரொப்பியனேட், பியூட்டிரேட்னு. குடல் சுவரு இந்த அமிலங்கள உள்ள இழுக்கும்போது கூடவே உப்பும் போகுது, உப்பு போற பக்கம் தண்ணியும் போகுது. பெருங்குடல் சுவரோட செல்லுகளுக்கு முக்கியமான சாப்பாடே அந்த பியூட்டிரேட்தான்.

இப்ப ஆன்டிபயாட்டிக் வந்து அந்தக் கூட்டத்துல பாதிய சாய்ச்சிருச்சுன்னா ரெண்டு விஷயம் ஒண்ணா நடக்குது. புளிக்க வேண்டிய மாவு புளிக்காம அப்படியே கெடக்கு, அது தன்னச் சுத்தி தண்ணியப் புடிச்சு வச்சுக்குது. அமிலம் கம்மியானதால சுவரு தண்ணி உறிஞ்சுறதும் மந்தமாயிருது. ரெண்டும் சேந்தா வயித்தால போகாம என்ன செய்யும். குடல்ல புண்ணும் இல்ல, விஷமும் இல்ல, ஒரு வேலைக்கு ஆள் கொறஞ்சுபோச்சு, அவ்வளவுதான். ஜிகர்தண்டா கதையும் இதுதான், அந்த நேரத்துல பாலுச் சர்க்கரையும் சீனியும் அளவுக்கு மீறிப் போனா அதுவும் சரியா செரிக்காம உள்ள நின்னு தண்ணிய இழுக்கும். கடையில பாட்டில்ல விக்கிற ஜூஸுக்கும் இதே கதிதான்.

அப்பாவுக்குக் குடுத்த மாத்திரையில இன்னொரு கூத்தும் இருக்கு. அமாக்சிசிலின் கூட சேக்குற கிளாவுலனேட் குடலோட ஓட்டத்தையே கொஞ்சம் தூண்டிவிடும், அதனால தனி அமாக்சிசிலின விட இந்தக் கூட்டு மாத்திரைக்கு வயித்தால போறது ஜாஸ்தி. சாப்பாட்டோட ஆரம்பத்துல போட்டா தொந்தரவு கொஞ்சம் கொறையும். இத யாராச்சும் சொல்லியிருந்தா அப்பா வெறும் வயித்துல காப்பியோட போட்டிருக்க மாட்டாரு.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்துச்சு, ஆஸ்பத்திரியில நரம்புலதான ஊசி போட்டாங்க, அது எப்படி குடல் பாக்டீரியாவத் தொடும்னு. செஃப்ட்ரையாக்சோன்ல ஒரு பெரிய பங்கு ஒண்ணுக்குல போகாம ஈரல் வழியா பித்தத்துல எறங்குதாம். பித்தம் எங்க போகுது, நேரா குடலுக்கு. வாய் வழியா ஒரு சொட்டு போகாம குடலக் காலி பண்ணுற மருந்து அது. அப்ப அப்பாவோட குடலுக்கு அடி விழுந்தது ஆஸ்பத்திரியில சேர்ந்த மொத நாள்ல இருந்து, வீட்டுக்கு வந்து போட்டது ரெண்டாவது அடி.

மூணாவது அடி நான் குடுத்தது.

பேதிக்கு ஏதாச்சும் குடுங்கண்ணே

புதன்கெழம சாயந்தரம் கடையில கேட்டதும் அந்த அட்டையும், போறத நிறுத்துற லோப்பரமைட் மாத்திரை ரெண்டும் குடுத்தாரு. என்ன ஏதுன்னு அவரு கேக்கல, ஏற்கனவே ஆன்டிபயாட்டிக் ஓடுதுன்னு நானும் சொல்லல. ஓஃப்ளாக்சசினும் ஒரு ஆன்டிபயாட்டிக்தான்னு எனக்குத் தோணவே இல்ல, "பேதி மாத்திரை"ன்னுதான் மனசுல இருந்துச்சு. ஆள் கொறஞ்ச எடத்துல மிச்சம் இருந்த ஆளையும் அடிக்க நானே காசு குடுத்து வாங்கியிருக்கேன்.

மூணு நாள் போட்டதும் நின்னுச்சு. 625-உம் முடிஞ்சுருச்சு. கெட்டிக்காரத்தனமா வைத்தியம் பாத்துட்டோம்னு எனக்கு ஒரு பெருமை வேற. உண்மை என்னன்னா முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் செய்யாம விட்டாலே கோர்ஸ் முடிஞ்சு ரெண்டு மூணு நாள்ல தானா நின்னுரும், உப்பும் தண்ணியும் மட்டும் போயிராமப் பாத்துக்கிட்டா போதும். அதுக்கு ஓ.ஆர்.எஸ். பாக்கெட், பெரிய பாக்கெட்னா ஒரு முழு லிட்டர் தண்ணியில முழுசா கரைக்கணும், டம்ளருக்குக் கொஞ்சமா கொட்டிக்கக் கூடாது. இது எப்படி வேலை செய்யுதுன்னா, சிறுகுடல்ல குளுக்கோஸும் உப்பும் சோடி சேந்து உள்ள போற ஒரு வழி இருக்கு, தண்ணி அது பின்னாலயே போயிரும். அந்த வழிக்கு பாக்டீரியாவோட தயவு தேவையில்ல. பெருங்குடல் படுத்துக்கிட்டாலும் சிறுகுடல் வழியா ஈடு கட்டிரலாம். சுகர் இருக்கேன்னு அப்பா அத வேணாம்னாரு, அதுல இருக்குற குளுக்கோஸ் மருந்துக் கணக்குதான், கொஞ்சம் கொஞ்சமா குடிக்கலாம்னு அப்பறம் டாக்டர் சொன்னாரு. சுகர அடிக்கடி பாத்துக்கிட்டா போதும்னாரு.

நின்னு ஒம்பது நாள் கழிச்சு மறுபடி ஆரம்பிச்சுச்சு. இந்தத் தடவை அது வேற ஆளு. ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சவரு விடியறதுக்குள்ள ஆறு தடவை போயிட்டாரு, வெறும் தண்ணி, வாடையே வேற மாதிரி, அடிவயித்த முறுக்கிப் புடிச்சு வலி, காய்ச்சல் நூத்தி ஒண்ணு. அம்மா பழக்கதோஷத்துல அந்த லோப்பரமைட்ட எடுத்துட்டு வந்தாங்க. ஏனோ தெரியல, நான் வேணாம்னேன், புத்தியால இல்ல, பயத்துல. அது சரிதான்னு பின்னால தெரிஞ்சுச்சு, குடல்ல விஷம் உண்டாகுறப்ப வெளிய போறத அடைச்சு வைக்கக் கூடாது.

காலையில ஒரு வயித்து டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவரு அப்பாவத் தொட்டுப் பாக்குறதுக்கு முன்னாலயே கடந்த மூணு மாசத்துல என்னென்ன மாத்திரை போட்டீங்கன்னு கேட்டாரு. நான் பையில இருந்த எல்லா அட்டையையும் மேசையில வரிசையா வச்சேன். அந்த வயித்துப்போக்கு மாத்திரை அட்டைய மட்டும் கையில எடுத்து திருப்பிப் பாத்துட்டு, "இது யார் எழுதுனது சார்?"னு கேட்டாரு. நான் பேசல. அப்பாதான், "கடையில குடுத்தாய்ங்க"ன்னாரு, என்னயக் காட்டிக் குடுக்காம. டாக்டர் திட்டவும் இல்ல, "இதனாலதான் வந்துச்சுன்னு சத்தியம் பண்ண முடியாது, மத்த ஆன்டிபயாட்டிக்கே இத வரவைக்கப் போதும். ஆனா இது தேவைப்படல"ன்னு மட்டும் சொன்னாரு. திட்டியிருந்தா தேவலன்னு இருந்துச்சு.

"நேத்து எத்தன தடவை போனீங்க, முந்தா நாள் எத்தன"ன்னு கேட்டாரு. யாருக்கும் தெரியல. நெறைய தடவைன்னோம். நெறையங்கிறது கணக்கில்ல சார்னாரு.

ரத்தத்துல வெள்ளணு பதினாறாயிரத்துக்கும் மேல. மலத்த டெஸ்ட்டுக்கு அனுப்புனாங்க, அதுலயும் ஒரு கண்டிசன், தண்ணியா போறதத்தான் குடுக்கணும், கெட்டியா போறவங்களுக்கு இந்த டெஸ்ட் எடுக்கவே கூடாதாம், ஏன்னா நோயே இல்லாம சும்மா அவங்க தேடுற கிருமிய வயித்துல சுமந்துக்கிட்டுத் திரியுறவங்களும் இருக்காங்க. சாயந்தரம் ரிசல்ட் வந்துச்சு. கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில், கிருமியும் இருக்கு, அது விடுற நச்சும் இருக்கு. இப்ப பேர மாத்தி கிளாஸ்ட்ரிடியாய்ட்ஸ்ங்கிறாங்க, டாக்டருங்க வாயில இன்னும் சி டிஃப்தான்.

சித்தப்பா சொன்ன கோரை

ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்த சித்தப்பா சோழவந்தான்ல நெல்லு போடுறவரு. இந்தப் பேரெல்லாம் அவருகிட்ட நான் தட்டுத்தடுமாறி வெளக்கிட்டு இருந்தேன், இந்தக் கிருமி விதை மாதிரி ஒரு ஓட்டுக்குள்ள சுருண்டு கெடக்கும், அந்த நெலமையில ஆன்டிபயாட்டிக் அத ஒண்ணும் பண்ணாது, மத்தது செத்தப்பறம் முளைச்சு வரும்னு. அவரு பாதியிலயே, "அட கோரைடா தம்பி. மருந்தடிச்சா மேல கருகிரும், கெழங்கு மண்ணுக்குள்ள கெடக்கும். மத்த பில்லு பூண்டெல்லாம் போயி வெட்டவெளியா ஆனா அடுத்த தண்ணிக்கு அதுதான் மொத ஆளா வரும்"னாரு.

எனக்கு மூணு நாளா டாக்டரும் நெட்டும் சேந்து புரிய வைக்காதது அந்த ஒரு பேச்சுல புரிஞ்சுச்சு. ஆனா கோரைக்குத் தண்ணி எதுவோ, இதுக்கு அது எதுன்னு தேடிப் பாத்தப்பதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் கெடச்சுச்சு. அதுவும் பித்தம்தான். ஈரல் செய்யுற பித்த அமிலம் புதுசா குடலுக்கு வரும்போது அதுல சிலது இந்த விதைகள முளைக்கத் தூண்டும். சாதாரணமா பெருங்குடல்ல இருக்குற சில பாக்டீரியாக்கள் அந்தப் பித்த அமிலத்தப் புடிச்சு வேற வடிவத்துக்கு மாத்தி விட்டுரும், அந்த மாறுன வடிவம் டிஃபிசில வளரவிடாது. இந்த மாத்துற வேலையத் தெரிஞ்ச பாக்டீரியா ரொம்பக் கொஞ்ச வகைதான். அதுங்க ஆன்டிபயாட்டிக்ல செத்துட்டா மாத்தாத பித்தம் அப்படியே தேங்குது, முளைக்கச் சொல்ற சங்கதி கூடுது, வளராதேங்குற சங்கதி கொறையுது. கோரைக்கு வாய்க்காலத் தொறந்துவிட்டு களையெடுக்குற ஆளையும் வேலைய விட்டு அனுப்புன மாதிரி.

1935-லயே இந்தக் கிருமியக் கண்டுபுடிச்சிருக்காங்க, அதுவும் எங்க, நோயில்லாத பச்சப்புள்ளைங்க மலத்துல. வளக்குறதுக்குக் கஷ்டமா இருந்ததாலதான் டிஃபிசில்னு பேரே. ஆன்டிபயாட்டிக் போட்டவங்களுக்கு வர்ற கொடலு அழற்சிக்கு இதுதான் காரணம்னு 1978-லதான் ஊர்ஜிதம் ஆச்சு. நாப்பது வருஷத்துக்கு மேல எல்லாரும் அத ஒரு சாதுவான கிருமின்னே நெனச்சுட்டு இருந்திருக்காங்க.

ஆன்டிபயாட்டிக்ல வயித்தால போற எல்லாருக்கும் இது இல்ல, பெரும்பாலானவங்களுக்கு புளிக்காத மாவுக் கதைதான். ஆனா அப்பாவ எடுத்துக்கிட்டா அறுபத்தஞ்சத் தாண்டுன வயசு, ஆஸ்பத்திரியில தங்குனது, ஒண்ணு மேல ஒண்ணா ஆன்டிபயாட்டிக், கூட தெனமும் வயித்து அமிலத்தக் கொறைக்கிற அந்த கேஸ் மாத்திரை, எல்லாமே இது வர்றதோட சேத்து சொல்லப்படுற சமாச்சாரங்கள். அதவிட எங்க கண்ணு முன்னால இருந்த அடையாளம் காலக்கணக்கு. சாதா பேதி மாத்திரை ஓடும்போது வரும், மாத்திரை நின்னா நிக்கும். இது மாத்திரையெல்லாம் முடிஞ்சு வாரக்கணக்குக்கு அப்பறம்கூட வரும், ரெண்டு மூணு மாசம் வரைக்கும் வரலாம், காய்ச்சலும் வயித்து முறுக்கலும் கூட்டிக்கிட்டு வரும். நாங்க ஒம்பது நாள் இடைவெளியப் பாத்துட்டு "அன்னைக்குத் தின்ன பரோட்டா சேரல"ன்னு பேசிக்கிட்டு இருந்தோம்.

வைத்தியம் இன்னும் வேடிக்கை. வான்கோமைசின் ஊசி மருந்து, 500 மில்லிகிராம் குப்பி, அத நர்ஸ் பத்து மில்லி தண்ணியில கரைச்சு ரெண்டரை மில்லிய அளந்து எடுத்து அப்பாவக் குடிக்கச் சொன்னாங்க. அதாவது ஒரு வேளைக்கு 125, ஆறு மணி நேரத்துக்கு ஒருக்க, பத்து நாளு. கேப்சூலாவும் வருது, அன்னைக்குக் கெடைக்கல. "ஊசிய எதுக்கும்மா குடிக்கச் சொல்ற?"ன்னு அப்பாவுக்கு ஒரே சந்தேகம், அந்தப் பொண்ணு மேல. விஷயம் என்னன்னா இந்த மருந்து குடல்ல இருந்து ரத்தத்துக்குப் போகாது, குடிச்சா குடலுக்குள்ளயே நிக்கும். இதயே நரம்புல போட்டா குடலுக்கு வந்து சேராது, இந்த நோய்க்கு உபயோகமில்ல. நரம்புல போட்டு குடலுக்கு வந்த மருந்தால வந்த வெனைக்கு நரம்புல போட்டா குடலுக்கு வராத மருந்து.

கைகழுவுறது ஒண்ணு சொல்லணும். வார்டு வாசல்ல மாட்டியிருந்த சானிடைசரத்தான் நாங்க பக்தியா தடவிக்கிட்டு இருந்தோம். அந்த விதை ஓட்ட ஆல்கஹால் ஒண்ணும் பண்ணாது, சோப்புப் போட்டு தண்ணியில தேச்சுக் கழுவுனாத்தான் கையவிட்டுப் போகும். வீட்டுக்கு வந்தப்பறமும் கக்கூஸ பிளீச்சிங் கரைசல் ஊத்திக் கழுவச் சொன்னாங்க, சாதா பினாயில் போதாது.

மோரும் கேப்சூலும்

இத முடிக்குறதுக்கு முன்னால எல்லாரும் கேக்குற கேள்வி, நல்ல பாக்டீரியா கேப்சூல் போட்டிருந்தா வந்திருக்காதுல்லன்னு. கடைக்காரங்க ஆன்டிபயாட்டிக் கூடவே அதையும் வச்சுக் குடுக்குறாங்க. சில ரகத்துக்கு, முக்கியமா சாக்கரோமைசிஸ் பௌலார்டிங்கிற ஈஸ்ட்டுக்கு, வயித்தால போறது கொஞ்சம் கொறையுதுன்னு ஆய்வுகள் இருக்கு, ஈஸ்ட்டுங்கிறதால ஆன்டிபயாட்டிக் அதக் கொல்லாது. ஆனா இங்கிலாந்துப் பக்கம் ஆஸ்பத்திரியில இருந்த வயசானவங்க கிட்டத்தட்ட மூவாயிரம் பேர்ல பாதிப் பேருக்கு லாக்டோபேசிலஸ், பிஃபிடோபாக்டீரியம் வகைகளக் குடுத்துப் பாத்த பெரிய ஆய்வுல, 2013-ல வந்துச்சு, ஒரு பலனும் தெரியல. இன்னொண்ணு இஸ்ரேல்ல வைஸ்மேன் ஆய்வு நிறுவனம் 2018-ல வெளியிட்டது, இருபத்தொரு பேருதான், சின்ன ஆய்வு. ஆன்டிபயாட்டிக் முடிஞ்சதும் புரோபயாட்டிக் தின்னவங்களுக்கு அவங்க சொந்த பாக்டீரியா திரும்பி வர்றது, சும்மா இருந்தவங்கள விட லேட்டாச்சு. எனக்கு அதுல ஆச்சரியம் இல்ல, காலியான வயல்ல வெளியூர் ஆளக் குடி வச்சா உள்ளூர்க்காரன் எங்க வந்து உக்காருவான்.

மோரும் நீச்சத்தண்ணியும் குடிச்சா சரியாப் போயிரும்ங்கிறதும் அப்படித்தான். நான் ரெண்டுக்கும் பரம ரசிகன், ஆனா மோர்ல இருக்குற பாக்டீரியா வேற சாதி, பித்தத்த மாத்துற, காத்துப் பட்டா செத்துப்போற அந்தப் பெருங்குடல் பாக்டீரியா தயிர்ச்சட்டியில வளராது. அதுங்க மிச்சம் மீதி இருக்குறதுல இருந்துதான் பெருகி வரணும், வாரக்கணக்கா ஆகும், சிலது மாசக்கணக்கா ஆகும், ஒண்ணு ரெண்டு வராமலும் போகும். பழைய சோத்துல ஒரு நல்லது, ஆறுன சோத்துல செரிக்காத மாவுச்சத்து கொஞ்சம் கூடும், திரும்பி வர்ற கூட்டத்துக்கு அது தீனி. பேதி நின்னப்பறம், அதுவும் அப்பாவுக்கு சுகர் கணக்குப் பாத்து ஒரு கரண்டி.

திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கு ஆரோக்கியமான ஒருத்தரோட மலத்தக் கரைச்சு குடலுக்குள்ள விடுறாங்க. மருந்த விட அது நல்லா கேக்குதுன்னு 2013-ல நெதர்லாந்துல ஆய்வு பண்ணிக் காட்டியிருக்காங்க. இத அம்மாகிட்ட சொன்ன நேரம் சரியில்ல, இலையில சாப்பாடு வச்சிருந்தாங்க.

அப்பாவுக்கு நாலாவது நாள்ல இருந்து கொறைய ஆரம்பிச்சுச்சு, பத்தாவது நாள் கெட்டியாயிருச்சு. நல்லாயிட்டா மறுபடி டெஸ்ட் எடுக்காதீங்க, கிருமி கொஞ்ச நாளைக்கு இருக்கத்தான் செய்யும், ரிசல்ட்டப் பாத்து சும்மா பயந்துக்குவீங்கன்னாரு டாக்டர். அஞ்சுல ஒருத்தருக்கு திரும்ப வருமாம், எட்டு வாரம் கவனிக்கணும், அதுக்குள்ள வேற எதுக்காச்சும் யாராச்சும் ஆன்டிபயாட்டிக் எழுதுனா மொதல்ல இந்தக் கதைய சொல்லணும். கேஸ் மாத்திரை உண்மையிலயே வேணுமான்னு பாத்துட்டு அதையும் நிறுத்திட்டாரு, ஒரு வாரம் நெஞ்செரிச்சல்னு பொலம்புனாரு அப்பா, இப்ப இல்ல.

"நெறையங்கிறது கணக்கில்ல"ங்கிறது மட்டும் அப்பாவுக்கு ரோஷமாயிருச்சு. நாப்பது வருஷம் கூட்டுறவு சொசைட்டியில கணக்கு எழுதுனவரு. கக்கூஸ் கதவுக்குப் பக்கத்துல தினக் காலண்டர மாத்தி மாட்டி, பேனாவக் கயிறுல கட்டித் தொங்கவிட்டு, போயிட்டு வந்ததும் நேரத்த எழுதிர்றாரு. கிழிச்ச தாள எல்லாம் தேதி வாரியா கிளிப்பு போட்டு வச்சிருக்காரு. இன்னைக்கு இருவத்தி மூணாவது நாள். காலையில 6.10, ஒண்ணு, பக்கத்துல "கட்டி"ன்னு எழுதியிருக்காரு.